குழந்தையின் போட்டோவை முதல் பிறந்தநாள் அழைப்பிதழாக வரைவது எப்படி? எழுத்துக்கான இடத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம்தான். ஹால் பார்த்தாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு. அடுத்தது அழைப்பிதழ். ரெடிமேட் டெம்ப்ளேட்டில் போட்டோவை ஒட்டி அனுப்புவதற்குப் பதிலாக, குழந்தையின் போட்டோவைப் பார்த்து ஒரு ஓவியம் வரைந்து, அதையே அழைப்பிதழாக்கலாம் என்று இப்போது பலரும் நினைக்கிறார்கள். லேப்டாப்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இதை நீங்களே செய்யலாம். வரையத் தெரிந்த நண்பரிடம் கொடுத்தாலும் சரி, என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பெரும்பாலானோர் செய்வது இதுதான்: இருப்பதிலேயே க்யூட்டான போட்டோவை எடுத்து, கார்டு முழுக்க வரைந்துவிட்டு, கடைசியில் தேதி, நேரம், இடத்தை எங்கே போடுவது என்று தேடுவார்கள். குழந்தையின் தலைக்கு மேல் கொஞ்சம், கால் பக்கம் கொஞ்சம், பலூன்களுக்கு நடுவே கொஞ்சம் என்று எழுத்து சிதறிப் போகும். படத்தைப் பார்த்து எல்லோரும் ஹார்ட் போடுவார்கள். ஆனால் ஊரில் இருக்கும் பெரியம்மா போன் பண்ணி, "எத்தனை மணிக்குப்பா? இடம் எங்கேன்னு படிக்க முடியல" என்பார்.

இதைத் தவிர்க்க வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் எழுத்து. அந்த எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கு. மீதி இடத்தில் எந்த போஸ் பொருந்தும் என்ற முடிவு. அதற்குப் பிறகுதான் போட்டோவும் வரைவதும்.

எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி. பெயர் திவ்யா, அருண் என்று வைத்துக்கொள்வோம். மகள் யாழினி. விழா அவர்கள் குடியிருப்பின் பார்ட்டி ஹாலில். விருந்தினர்களில் பாதிப் பேர் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருக்கிறார்கள். அழைப்பிதழ் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் போகும், பெரியவர்களுக்கு மட்டும் 5 அங்குல அகலம், 7 அங்குல உயரத்தில் சில பிரதிகள் அச்சடிக்க வேண்டும்.

அச்சுக்கு ஏற்ற தரம் அங்குலத்துக்கு 300 பிக்சல். அப்படியென்றால் கார்டின் அளவு 1500 பிக்சல் அகலம், 2100 பிக்சல் உயரம். இனி எல்லாக் கணக்கும் இந்த அளவில்தான்.

இப்போது அழைப்பிதழில் வர வேண்டியதை வெறும் வரிகளாக எழுதிப் பாருங்கள்:

யாழினி
முதல் பிறந்தநாள் விழா
பிப்ரவரி 15, ஞாயிறு
காலை 11 மணி, மதிய விருந்து
அப்பார்ட்மென்ட் பார்ட்டி ஹால்
இந்திராநகர், பெங்களூரு
அன்புடன் திவ்யா – அருண்

ஏழே வரி. சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போதுதான் சிக்கல் புரியும்.

அச்சு கார்டில் 50 பிக்சல் எழுத்து சுமார் 4.2 மில்லிமீட்டர் அளவு வரும். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் அதே கார்டு வாட்ஸ்அப்பில் திறக்கும்போது, 127 மில்லிமீட்டர் அகலமான படம் சுமார் 68 மில்லிமீட்டர் அகலமுள்ள போன் திரைக்குள் அடங்க வேண்டும். எழுத்தும் பாதியாகச் சுருங்கி 2.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். விரலால் பெரிதாக்காமல் 60 வயதுக்காரர் அதைப் படிப்பது கஷ்டம். எழுத்தை 70 பிக்சலாக வைத்தால் போனில் சுமார் 3.2 மில்லிமீட்டர் கிடைக்கும். அது கிட்டத்தட்ட செய்தித்தாள் எழுத்தின் அளவு. எனவே இந்த கார்டில் எந்த எழுத்தும் 70 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். அச்சில் பார்க்கும்போது அது கொஞ்சம் பெரிதாகத் தெரியும். பரவாயில்லை, கார்டை அதிகம் பேர் பார்க்கப்போவது போனில்தான்.

அடுத்து வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு எழுத்தின் அளவைப்போல 1.2 மடங்கு விட்டாலே பொதுவாகப் போதும். தமிழில் அது பத்தாது. இகர, ஈகாரக் குறிகள் மேலே ஏறும். உகர, ஊகாரச் சுழிகள் கீழே இறங்கும். மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ'யோடு போய் முட்டும். 1.5 மடங்கு விடுங்கள்.

கூட்டிப் பார்ப்போம். பெயர் மட்டும் பெரிதாக, 260 பிக்சல் உயரம். 'முதல் பிறந்தநாள் விழா' 90 பிக்சல் எழுத்தில், இடைவெளியோடு 135. தேதிக்கும் நேரத்துக்கும் 80 பிக்சல் எழுத்து, இரண்டு வரிக்கு 240. இடத்துக்கு இரண்டு வரி, 210. அழைப்பவர் பெயர் ஒரு வரி, 105. பெயர்–நிகழ்வு, தேதி–நேரம், இடம், அழைப்பவர் என்று நான்கு தொகுதிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே தலா 60 வீதம் மூன்று இடைவெளி, 180. மொத்தம் 1130 பிக்சல். மேல் ஓரத்தில் 120 விட்டால் 1250.

2100-இல் 1250 போய்விட்டது. ஓவியத்துக்கு மிச்சம் 850 பிக்சல். அதாவது கார்டில் ஐந்தில் இரண்டு பங்கு. குழந்தைக்கு முக்கால் கார்டு என்று மனசில் வைத்திருந்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். ஆனால் வரைந்து முடித்த பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

அகலத்தையும் பார்த்துவிடுங்கள். இரு பக்கமும் 120 விட்டால் ஒரு வரிக்கு 1260 பிக்சல் இருக்கும். 70 பிக்சல் அளவில் தமிழ் எழுத்துகள் அதில் சுமார் 16 முதல் 18 வரைதான் அடங்கும். ஃபான்ட்டைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். அதனால்தான் மேலே 'அன்புடன் அழைக்கும்' என்று போடாமல் 'அன்புடன்' என்று நிறுத்தியிருக்கிறோம். அந்த ஒரு சொல் சேர்ந்தால் வரி இரண்டாக உடையும், ஓவியத்திலிருந்து இன்னும் 105 பிக்சல் போகும்.

தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஒரே கார்டில் போடலாமா? போட்டால் 14 வரி ஆகிவிடும், படத்துக்கு இடமே இருக்காது. ஓவியம் ஒன்றுதான், எழுத்து லேயர் மட்டும் இரண்டு. ஆபீஸ் நண்பர்களுக்கு ஆங்கிலக் கார்டு, ஊருக்குத் தமிழ்க் கார்டு என்று தனித்தனியாக அனுப்பிவிடலாம்.

இப்போது போட்டோ: எந்த போஸ் வேண்டும்?

எழுத்து மேலே, 850 பிக்சல் உயரமுள்ள ஓவிய இடம் கீழே. இந்த இடத்தில் நிற்கும் குழந்தையை வரைந்தால் முகம் மிகச் சின்னதாகிவிடும். உட்கார்ந்திருக்கும் குழந்தைதான் சரியாகப் பொருந்தும். பார்வை மேல் நோக்கி இருந்தால் இன்னும் நல்லது. படத்தில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ, நம் கண்ணும் அங்கேதான் போகும். யாழினி மேலே பார்த்தால், படிப்பவரின் கண் தானாகத் தேதிக்குப் போய்விடும். கீழே பார்க்கும் குழந்தை நம் பார்வையைக் கார்டுக்கு வெளியே தள்ளிவிடும்.

இருக்கிற ஆயிரம் போட்டோக்களில் இப்படி ஒன்று கிடைக்கலாம். இல்லையென்றால் புதிதாக எடுத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. பகல் நேரத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும்படி குழந்தையை உட்கார வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். போனைக் குழந்தையின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள், அதாவது நீங்கள் தரையில் படுத்துதான் எடுக்க வேண்டும். இன்னொருவர் உங்கள் தலைக்கு மேலே கிலுகிலுப்பையை ஆட்டினால் பார்வை மேலே வரும்.

முக்கியமான விஷயம் தூரம். போனின் வழக்கமான கேமரா அகலமான காட்சியைப் பிடிப்பது. அதைக் குழந்தையின் முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கும் நெற்றியும் பெருத்து, காதுகள் பின்னால் ஒடுங்கிப்போகும். போட்டோவில் இது அவ்வளவாக உறுத்தாது. கோடாக வரையும்போது அப்படியே கார்ட்டூன் மாதிரி வந்து நிற்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, 2x ஜூமில் எடுங்கள்.

பியூட்டி மோட் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது தோலை மழுப்பும், நிறத்தையும் வெளுப்பாக்கும். ஏன் அது பிரச்சினை என்று பின்னால் பார்ப்போம்.

பிறந்தநாளுக்கு முன்பே குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, காது குத்தும் திட்டம் இருக்கிறதா? அப்படியானால் எந்த யாழினியை வரைவது என்று இப்போதே வீட்டில் பேசி முடிவெடுங்கள். சுருள்முடியோடு வரைந்து அச்சுக்குக் கொடுத்த பிறகு, "மொட்டையோடதானே அழகா இருக்கா" என்று பாட்டி சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வரையும் முறை

லேப்டாப்பில் Krita இலவசமாகக் கிடைக்கிறது. போனிலோ டேப்லட்டிலோ என்றால் ibis Paint. லேயர் வசதி உள்ள எந்தச் செயலியும் இதற்குப் போதும்.

1500 x 2100 அளவில் தொடங்காதீர்கள். அச்சகத்தில் கார்டை வெட்டும்போது கத்தி கொஞ்சம் விலகினால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அதற்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர், அதாவது 36 பிக்சல் கூடுதலாக விட வேண்டும். எனவே கேன்வாஸ் 1572 x 2172. பின்னணி நிறம் கடைசி விளிம்பு வரை போக வேண்டும். எழுத்தும் முகமும் அந்த ஓரத்துக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிரதியில் இந்தக் கூடுதல் ஓரத்தை வெட்டிவிடுங்கள்.

முதல் லேயரில் பின்னணி நிறம். அதற்கு மேல், எழுத்துக்குக் கணக்குப் போட்ட 1130 பிக்சல் உயரப் பெட்டியை ஒரு தனி லேயரில் வெளிர் நிறத்தில் போட்டுப் பூட்டிவிடுங்கள். இதுதான் வேலி. வரைந்து முடியும்வரை அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

அடுத்த லேயரில் போட்டோ. அதன் ஒபாசிட்டியை 40 சதவீதமாகக் குறையுங்கள். குழந்தையின் தலை உச்சி வேலிக்கு 50 பிக்சலாவது கீழே இருக்கும்படி நகர்த்தி, அளவை மாற்றுங்கள். இதற்கு மேல் இரண்டு லேயர்: கோட்டுக்கு ஒன்று, அதற்குக் கீழே நிறத்துக்கு ஒன்று.

போட்டோவை அப்படியே தானாகக் கோடாக மாற்றும் வசதி சில செயலிகளில் உண்டு, Inkscape-இல் உள்ள Trace Bitmap மாதிரி. லோகோ போன்ற தட்டையான படங்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். குழந்தையின் முகத்தில் அப்படி அமையாது. கன்னத்து நிழலையும் மூக்கின் விளிம்பையும் அதனால் வேறுபடுத்த முடியாது. நிழல் எல்லாம் திட்டுத் திட்டாக உருவமாகி, முகம் ஏதோ வரைபடம் போலாகிவிடும். எனவே கையால்தான் வரைய வேண்டும். நல்ல வேளையாக, குழந்தை முகத்துக்குக் கோடு குறைவாக இருந்தாலே அழகு.

ஏன் குழந்தை பெரியவர் மாதிரி ஆகிவிடுகிறது?

முதல்முறை வரைபவர்களுக்கு நேரும் பொதுவான சிக்கல் இது. போட்டோவின் மேல்தான் வரைந்தோம், ஆனாலும் முகம் பத்து வயதுப் பெண் மாதிரி இருக்கிறது. காரணங்கள் தெளிவானவை.

பெரியவர்களின் தலையில் கண்கள் கிட்டத்தட்ட சரிபாதியில் இருக்கும். குழந்தைக்கு நெற்றி பெரிது, தாடை சின்னது, அதனால் கண்கள் பாதிக்குக் கீழே இருக்கும். நாம் பெரியவர்களின் முகத்துக்குப் பழகிவிட்டதால், கை தன்னையறியாமல் கண்களை மேலே ஏற்றிவிடும். தலை உச்சியிலிருந்து தாடை வரை அளந்து, நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நேராகப் பார்க்கும் முகத்தில் கண்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். யாழினி மேலே பார்ப்பதால் கண்கள் அந்தக் கோட்டை நெருங்கி வரலாம். அங்கே போட்டோ காட்டுவதையே நம்புங்கள், கையை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, தேவையில்லாத கோடுகள். சிரிக்கும்போது மூக்கிலிருந்து வாயோரம் வரை ஒரு மடிப்பு தெரியும். போட்டோவில் அது மெல்லிய நிழல். அதையே கோடாகப் போட்டால் வயதாகிவிடும். விட்டுவிடுங்கள். மூக்குக்குப் பக்கக் கோடு வேண்டாம், கீழே இரண்டு சின்ன நிழல் போதும். முன்பல் முளைத்திருந்தால் பல்லுக்குப் பல் பிரித்துக் கோடு போடாமல், ஒரே வெள்ளைத் துண்டாக வையுங்கள். கழுத்தை நீட்டாதீர்கள். உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கழுத்து கிட்டத்தட்ட தெரியவே தெரியாது.

அப்போ யாழினி என்று அடையாளம் தெரிவது எதில்? முடி தொடங்கும் விளிம்பு, புருவத்தின் சாய்வு, இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரம், சிரிக்கும்போது வாய் எந்தப் பக்கம் சற்று ஏறுகிறது என்பது. இந்த நான்கில் போட்டோவை விட்டு ஒரு கோடுகூட விலகாதீர்கள். சட்டையின் டிசைன், பொம்மை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் இஷ்டம்போல மாற்றிக்கொள்ளலாம். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு, கை வளையல், கொலுசு இருந்தால் விட்டுவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

வெளிப்புறக் கோட்டுக்கு 8 பிக்சல், உள்ளே வருவதற்கு 4 பிக்சல் என்று இரண்டே தடிமன் போதும். போட்டோவில் குழந்தையைப் பிடித்திருக்கும் யாருடைய கையையாவது நீக்கியிருந்தால், குழந்தை அந்தரத்தில் மிதப்பது போலத் தெரியும். உட்கார்ந்திருக்கும் இடத்தில், தொடைக்குக் கீழே ஒரு மெல்லிய நிழல் போடுங்கள், தரை வந்துவிடும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி. கேன்வாஸைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கண் ஏறியிருந்தால் சட்டென்று தெரியும். பிறகு போட்டோ லேயரை மறைத்துவிட்டு, குழந்தையை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் ஓவியத்தை மட்டும் காட்டுங்கள். "யாரு இது?" என்று ஒரு நொடி யோசித்தால், அந்த நான்கில் ஏதோ ஒன்று விலகியிருக்கிறது.

நிறம்: நம் குழந்தையின் நிறம்தானா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். போட்டோவிலிருந்து தோல் நிறத்தை எடுக்கும் கருவி எல்லாச் செயலியிலும் உண்டு. பலர் நெற்றியில் ஒளி படும் இடத்தைத் தொட்டு எடுத்துவிடுவார்கள். அதுதான் முகத்திலேயே வெளுப்பான இடம். பியூட்டி மோடும் சேர்ந்துகொண்டால் மாநிறக் குழந்தை ஓவியத்தில் சிவப்பாகிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் ஒரு வயதுக் குழந்தையின் முதல் ஓவியத்திலேயே நிறத்தைத் திருத்தியதாக ஆகிவிடும். சில வருஷம் கழித்து அந்தக் குழந்தையே அந்தக் கார்டைப் பார்க்கும்.

ஒளியும் நிழலும் படாத இடத்திலிருந்து, பொதுவாக வெளிச்சம் வரும் பக்கத்துக் கன்னத்தின் நடுவிலிருந்து நிறத்தை எடுங்கள். அதுவே அடிப்படை நிறம். நிழலுக்கு அதோடு கருப்பையோ சாம்பலையோ கலக்காதீர்கள், தோல் அழுக்காகத் தெரியும். அதையே கொஞ்சம் அடர்த்தியாக்கி, சிவப்புப் பக்கம் நகர்த்துங்கள். நம் ஊர் மாநிறத்துக்கும் கருப்புத் தோலுக்கும் நிழலில் செம்பழுப்பு இருக்கும், அதுதான் உயிர் கொடுப்பது. இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த போட்டோ என்றால் அதிலிருந்து நிறம் எடுக்கவே வேண்டாம். பகலில் எடுத்த இன்னொரு போட்டோவைத் திறந்து அதிலிருந்து எடுங்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது மொத்தமாகச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். திரையில் பளிச்சென்று இருக்கும் பிங்க்கும் ஊதாவும் அச்சில் மங்கும். தோல் நிறம் சில நேரம் ஆரஞ்சுப் பக்கம் சாயும். அதைப் பார்த்தபின் திருத்தலாம்.

காலி இடத்தை எப்படிக் காப்பாற்றுவது?

ஓவியம் முடிந்ததும் மேலே 1250 பிக்சல் வெறுமையாக இருக்கும். அதைப் பார்க்கும்போது கை சும்மா இருக்காது. ரெண்டு பலூன், நாலு நட்சத்திரம், ஒரு மேகம் என்று போடத் தோன்றும். எழுத்துக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு விளிம்பும் எழுத்தின் விளிம்போடு மோதும். தமிழ் எழுத்துகளில் வளைவும் சுழியும் அதிகம். பின்னால் ஒரு பலூன் நூல் ஓடினால் அது காலா, சுழியா என்று கண் குழம்பும். பலூன் வேண்டுமென்றால் இரு ஓரங்களில் அந்த 120 பிக்சல் மார்ஜினுக்குள் வையுங்கள், கீழே குழந்தையின் பக்கத்தில் வையுங்கள். வேலிக்குள் ஒரே நிறம் மட்டும்.

அந்த நிறத்துக்கும் எழுத்துக்கும் நல்ல வேறுபாடு வேண்டும். இணையதளங்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கிறது. இதை அளக்கும் இலவசப் பக்கங்கள் நிறைய உண்டு. அளக்க நேரமில்லையா? படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். வெளிர் பிங்க் பின்னணியில் தங்க நிற எழுத்து அப்போது காணாமலே போய்விடும். கிரீம் நிறத்தில் அடர் மெரூன் அப்படியே நிற்கும்.

பச்சை, நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தைத் தவிருங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது ஒளி விவரத்தைவிட நிற விவரம்தான் அதிகம் இழக்கப்படும். இப்படி நிறத்தால் மட்டுமே வேறுபடும் எழுத்தின் ஓரங்கள் கசியும்.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க

எழுத்தை ஓவியச் செயலியில் போடாமல், முடித்த படத்தை Inkscape அல்லது Canva போன்றவற்றில் திறந்து போடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் Mukta Malar, Catamaran, Noto Sans Tamil எல்லாம் இலவசம். பெயருக்குக் கொழுகொழு எழுத்து வேண்டுமென்றால் Baloo Thambi 2 இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழு உருவாக்கியது அது.

போட்டோஷாப்பில் செய்தால் எழுத்து அமைப்பில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒற்றைக்கொம்பு இடம் மாறும். 'பெ', 'கொ' இரண்டையும் தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்தாலோ, புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரிந்தாலோ அமைப்பு தவறு. நம் எடுத்துக்காட்டில் 'பெங்களூரு' இருப்பதால் முதல் சோதனைக்கு அதுவே போதும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன், ஒரு பிரதியில் எழுத்துகளை உருவங்களாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். Inkscape-இல் இதற்கு Path மெனுவில் Object to Path. பல அச்சகங்களில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்கள்தான் ஓடுகின்றன. உங்கள் ஃபான்ட் அங்கே இல்லையென்றால் வேறு ஏதோ எழுத்தாக மாறிவிடும். உருவமாக்கிய பிரதியில் பிறகு நேரத்தைத் திருத்த முடியாது. அதனால் திருத்தக்கூடிய அசலைத் தனியாக வைத்திருங்கள்.

அனுப்பும் முன் கடைசி சோதனை

முதலில் உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள், HD தேர்வில். போனின் பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்து, பெரிதாக்காமல், கையை நீட்டிப் பிடித்துப் படியுங்கள். அடுத்து வீட்டில் 60 வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் போனைக் கொடுத்து, "என்னைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் கார்டு ரெடி. கண்ணைச் சுருக்கினால், ஓவியத்தை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

மேப் லிங்க்கைப் படத்துக்குள் போட வேண்டாம். படத்தில் இருக்கும் லிங்க்கைத் தொட்டால் எதுவும் திறக்காது, வரி மட்டும் வீணாகும். குழந்தையின் படமும் பெயரும் இருக்கும் கார்டு ஃபார்வர்டு ஆகி எங்கெங்கோ போகும் என்பதால் வீட்டுக் கதவு எண்ணும் போன் நம்பரும் அதில் வேண்டாம். தேதி, நேரம், முழு முகவரி, மேப் லிங்க் எல்லாவற்றையும் படத்துக்குக் கீழே சாதாரண மெசேஜாகத் தட்டி அனுப்புங்கள். ஆட்டோ டிரைவரிடம் காட்டுவதற்கும் காப்பி பண்ணுவதற்கும் அதுதான் வசதி.

எழுத்து இல்லாத ஓவியத்தைத் தனி ஃபைலாகச் சேமித்துவிடுங்கள். விழா முடிந்ததும் அதே வேலிக்குள் இரண்டு வரி மாற்றி, வந்தவர்களுக்கு நன்றி கார்டாக அனுப்பலாம்.